ஒரு நிமிஷ சார்ட் ஸ்கால்பிங்: நூத்துக்கு 55 ஜெயிச்சும் காசு ஏன் கரையுது?

"சார், நிஃப்டி ஆப்ஷன்ல ஒரு நிமிஷ சார்ட் பாத்து ஒரு லாட் வாங்கி சட்டுனு வித்து ஸ்கால்பிங் பண்றேன். 3 பாயிண்ட் டார்கெட், 3 பாயிண்ட் ஸ்டாப்லாஸ். சார்ட்ட பாத்து எழுதி வச்ச கணக்குல நூறு ட்ரேட்ல 55 ஜெயிக்குது. ஆனா மாசக் கடைசில பணம் குறைஞ்சிருக்கு. லாட் கூட்டினா சரியாயிடும்ங்கறாங்க, கூட்டலாமா?"

கூட்டாதீங்க. முதல்ல உங்க 55 எவ்வளவு சம்பாதிக்குதுன்னு பாருங்க. 55 தடவ 3 பாயிண்ட் வருது, 45 தடவ 3 பாயிண்ட் போகுது, மிச்சம் 30 பாயிண்ட். அத நூறு ட்ரேடுக்குப் பங்கு போட்டா ஒரு ட்ரேடுக்கு 0.3 பாயிண்ட். ஒரு லாட்டுன்னா 65 யூனிட், அப்ப 19 ரூபா 50 காசு. உங்க திறமையோட மொத்த விலையே ட்ரேடுக்கு அவ்வளவுதான்.

இப்ப செலவு. ஆப்ஷனோட விலை, அதாவது ப்ரீமியம், 120 ரூபான்னு வச்சுக்கலாம். வாங்க 20, விக்க 20ன்னு ப்ரோக்கரேஜ் 40 ரூபா. விக்கிறப்ப அரசாங்கம் எடுக்கற எஸ்.டி.டி. வரி, அத 2024 அக்டோபர்ல 0.0625 சதவீதத்துலருந்து 0.1 ஆக்கினாங்க, அந்த ரேட்டுலயே போட்டாலும் கிட்டத்தட்ட 8 ரூபா. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ரெண்டு பக்கமும் சேத்து அஞ்சரை, ப்ரோக்கரேஜுக்கும் அதுக்கும் சேத்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 8 ரூபாக்கு மேல, அப்புறம் ஸ்டாம்ப் டூட்டி சில்லறை. மொத்தம் 62 ரூபா. சம்பாத்தியம் 19.50, செலவு 62, அதாவது ஒவ்வொரு தடவ பட்டன அமுக்குறப்பவும் சராசரியா 42 ரூபா உங்க கையிலருந்து போகுது. நஷ்டத்துல வித்தாலும் எஸ்.டி.டி. உண்டுங்கறத மறந்துடாதீங்க, எனக்கு இதுல ரொம்பவே கோவம்.

இதுல ஸ்ப்ரெட் இன்னும் வரல. சார்ட்ல தெரியறது கடைசியா நடந்த விலை, ஆனா மார்க்கெட் ஆர்டர் போட்டா வாங்கறப்ப விக்கறவன் கேக்கற விலை, விக்கறப்ப வாங்கறவன் தர்ற விலை. அமைதியான நேரத்துல வித்தியாசம் சில பைசாதான், ஆனா நீங்க உள்ள போறது கேண்டில் துள்ளுற நேரத்துல, அப்பதான் அது விரியும். போக வர 0.4 பாயிண்ட் போச்சுன்னு வச்சா, செலவெல்லாம் சேத்து நஷ்டமில்லாம நிக்கவே நூத்துக்கு 73 ஜெயிக்கணும். விலைய நீங்களே சொல்லி லிமிட் ஆர்டர் போட்டா ஸ்ப்ரெட் மிச்சம்தான், ஆனா விலை உங்களுக்கு எதிரா வர்றப்பதான் அது சுலபமா நிரம்பும், நல்ல ட்ரேடு உங்கள விட்டுட்டு ஓடிடும்.

லாட் கூட்டற விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுல பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதியக் காட்டித்தான் ஏமாத்தறாங்க. 10 லாட் போட்டாலும் ப்ரோக்கரேஜ் அதே 40 ரூபாதான், உண்மை. ஆனா எஸ்.டி.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் பணத்தோட சேந்து பத்து மடங்காகும், ஸ்ப்ரெட்டும் அப்படித்தான். 10 லாட்டுக்கு கட்டணம் மட்டும் 192 ரூபா. உங்க 0.3 பாயிண்ட் அங்க 195 ரூபா. மிஞ்சறது 3 ரூபா, அதையும் ஸ்ப்ரெட் தின்னுட்டு மேலயும் 257 ரூபா கேக்கும், ஒரு ஸ்டாப்லாஸ் அடிச்சா 1,950 ரூபா போயிடும். ஜீரோ ப்ரோக்கரேஜ்னு சொல்றவன்கிட்ட போனாலும் ஒரு லாட்டுக்கு 14 ரூபாக்கு மேல கட்டணம் நிக்கும், மிச்ச 5 ரூபா ஸ்ப்ரெட்டுக்கே பத்தாது.

லாட் கூட்டுங்கன்னு யார் சொன்னாங்கன்னு யோசிங்க. டெலிகிராம்ல கால் குடுக்கறவர் ஒரு லிங்க் குடுத்து கணக்கு தொறக்கச் சொல்லியிருந்தா, நீங்க கட்டற ப்ரோக்கரேஜ்ல அவருக்குப் பங்கு இருக்கலாம், நீங்க ஜெயிக்கணும்னு அவருக்கு அவசியமே இல்ல, அடிக்கடி அமுக்கணும் அவ்வளவுதான். அவர் போடற ஸ்க்ரீன்ஷாட் கட்டணம் கழிக்காத லாபம். ஆப்பும் நாள் முழுக்க அதே பச்சை நம்பரத்தான் காட்டுது, கட்டணத்தோட முழுக் கணக்கு ராத்திரி ப்ரோக்கர் அனுப்பற கான்ட்ராக்ட் நோட்லதான் வருது, இத அந்தப் பச்சை நம்பர்லயே கழிச்சுக் காட்ட வைக்க ஏன் மனசு வரல? செபி 2024ல வெளியிட்ட ஆய்வுல, ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ்ல தனிநபர்கள் மூணு வருஷத்துல இந்தச் செலவுக்கு மட்டும் சுமார் 50,000 கோடி கட்டியிருக்காங்க, நூத்துக்கு 93 பேர் நஷ்டம்.

ஒரு நிமிஷமே ஏன் ஆகாதுன்னா, விலை நகர்றது நேரத்தோட அதிகமாகும், செலவு அதே இடத்துல நிக்கும். 15 நிமிஷத்துல விலை பதினஞ்சு மடங்கு நகராது, சுமாரா நாலு மடங்கு நகரும். அங்க 12 பாயிண்ட் டார்கெட், 12 ஸ்டாப்லாஸ்னு வச்சா, அதே 62 ரூபா, அதே ஸ்ப்ரெட், ஆனா நூத்துக்கு 56 ஜெயிச்சாலே கரை சேந்துடலாம். உங்க 55 அங்கயும் ஒரு மயிரிழை குறைவுதான், ஆனா 73க்கும் 56க்கும் உள்ள தூரத்தப் பாருங்க.

போன மாச கான்ட்ராக்ட் நோட் எல்லாத்தையும் எடுத்து கட்டணத்த மட்டும் கூட்டி, ட்ரேடு எண்ணிக்கையால வகுங்க. அப்புறம் கட்டணம் கழிக்காத லாபத்தையும் அதே எண்ணிக்கையால வகுங்க, ஆப் காட்டற லாபத்த எடுங்க, சார்ட் கணக்கு வேணாம். ரெண்டாவது நம்பர் மொதல் நம்பரவிட சின்னதா இருந்தா அந்த ஒரு நிமிஷ சார்ட்ட இன்னைக்கே மூடிடுங்க.