கூட்டினால் 102 வந்த கதை

கேள்வி: எங்க சர்வே அறிக்கையில சதவீதங்களைக் கூட்டினா 99 வருது, சில சமயம் 101 வருது. ரவுண்டிங்னு சொன்னா மேலதிகாரி நம்ப மாட்டேங்கிறார். ஏதாவது ஒரு வரியில ஒண்ணைக் கூட்டிக் குறைச்சு 100 ஆக்கிடலாமா?

ஆக்காதீர்கள். நான் ஆக்கினேன். ஒரு வருடம் கழித்து ஒரு கூட்டத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கணக்கும் அறிக்கையும் பார்க்கிற ஆள் நான். புள்ளியியல் படித்தவன் இல்லை, பி.காம். தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் சில கிராமங்களில் குடிதண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டோம். எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் தருகிறேன், ஊர் பெயரும் சொல்ல மாட்டேன், ஆனால் நடந்தது இதேதான்.

மொத்தம் 230 வீடு. தெருக்குழாய் 87, வீட்டுக்குழாய் 61, கேன் தண்ணீர் 38, அடிபம்பு 22, கிணறு 13, லாரித் தண்ணீர் 9. கூட்டிப் பாருங்கள், சரியாக 230 வரும். எக்செல்லில் சதவீதம் போட்டு, தசமம் வேண்டாம் என்று பொத்தானை அமுக்கினேன். 38, 27, 17, 10, 6, 4 என்று வந்தது. கீழே மொத்தம் 100 என்று காட்டியது. அழகாக அச்செடுத்துக் கொண்டுபோய்விட்டேன்.

கூட்டத்துக்கு அந்தப் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். அட்டவணை கைக்கு வந்த இரண்டாவது நிமிடம் செல்போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார். "ஏம்ப்பா, கூட்டினா நூத்தி ரெண்டு வருதே. அந்த ரெண்டு வீடு எந்தத் தெருவுல இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. எக்செல் 100 என்றுதானே காட்டியது? இங்கேதான் முதல் குழி. தசமத்தைப் பொத்தானால் மறைத்தால் எக்செல் எண்ணை மாற்றுவதில்லை, கண்ணுக்கு மட்டும்தான் மறைக்கிறது. உள்ளே 37.83, 26.52, 16.52, 9.57, 5.65, 3.91 என்றே வைத்துக்கொண்டு, கூட்டும்போது தசமத்தோடு இருக்கிற அந்த எண்ணைத்தான் கூட்டுகிறது. அதனால் மொத்தம் 100. காகிதத்தில் இருக்கிற எண்ணைக் கூட்டுகிறவருக்கு 102. இரண்டும் சரிதான், ஆனால் அச்சில் பார்க்கிற மனுசனுக்கு நம் மேல்தான் சந்தேகம் வரும்.

அந்த ஆறு எண்களின் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். .83, .52, .52, .57, .65, .91. ஆறுமே அரைக்கு மேல். அதனால் ஆறும் மேலே ஏறிவிட்டன. வழக்கமாகச் சிலது ஏறும், சிலது இறங்கும், ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொண்டு 100 அல்லது அதற்குப் பக்கத்தில் நிற்கும். எங்கள் கெட்ட நேரம், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. இதே அட்டவணையை ஒரு தசமத்தோடு போட்டால் 37.8, 26.5, 16.5, 9.6, 5.7, 3.9. இதைக் கூட்டினால் அச்சு பிசகாமல் 100.0. அப்படிப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. (ஒரு தசமம் போட்டால் எப்போதும் 100 வரும் என்று சொல்லவில்லை. மூன்று பேர் சமமாக இருந்தால் 33.3 மூன்று தடவை, 99.9 தான் வரும்.)

அன்று எனக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை. அலுவலகம் திரும்பியதும் எங்கள் திட்ட மேலாளர் சொன்னது ஒரே வரி: "பெரிய நம்பர்ல ரெண்டைக் குறைச்சிடுங்க தம்பி, யாருக்குத் தெரியப்போகுது." குறைத்தேன். தெருக்குழாய் 38 என்பது 36 ஆனது. அறிக்கை அச்சாகிப் போய்விட்டது.

அடுத்த வருடம் அதே கிராமங்களில் திரும்பவும் கேட்டோம். இந்தத் தடவை 235 வீடு, தெருக்குழாய் 89. சதவீதம் 37.87, முழுதாக்கினால் 38. அறிக்கை எழுதியது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். பாவம், அதற்கு என்ன தெரியும், போன வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "தெருக்குழாயைச் சார்ந்திருப்போர் 36 சதவீதத்திலிருந்து 38 ஆக உயர்ந்துள்ளனர்" என்று எழுதி, அதற்குக் காரணமாகக் கோடையில் கிணறு வற்றியதைப் பற்றி அரைப் பக்கமும் எழுதிவிட்டது. உண்மையில் 37.83 என்பது 37.87 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. நான் பேனாவால் உண்டாக்கிய இரண்டு சதவீதத்துக்கு அந்தப் பெண் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

வாத்தியார் விடுவாரா. போன வருட அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "இங்க 230க்கு 87னு போட்டிருக்க. 87ஐ 230ஆல வகுத்தா எந்த ஊர்லப்பா 36 வரும்?" அங்கேயே ஒத்துக்கொண்டேன். வேறு வழியில்லை.

அன்று ஒத்துக்கொண்ட கையோடு அவருக்கு விளக்கிய விதத்தைச் சொல்கிறேன், உங்கள் மேலதிகாரிக்கும் இது எடுபடும் என்று நினைக்கிறேன். ஆறு பேர் பரோட்டாக் கடையில் சாப்பிட்டார்கள், பில் சரியாக 100 ரூபாய். அவரவர் சாப்பிட்டது 37 ரூபாய் 83 பைசா, 26 ரூபாய் 52 பைசா என்று இருக்கிறது. பைசா யாரிடமும் இல்லை. ஒவ்வொருவரும் பக்கத்து முழு ரூபாயாகத் தட்டில் வைக்கிறார்கள்: 38, 27, 17, 10, 6, 4. தட்டில் 102 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் கூடுதலாக எதையும் விற்கவில்லை, பில்லும் மாறவில்லை. வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, பில்லு நூறுதான், தட்டுலதான் நூத்தி ரெண்டு" என்றார். அப்புறம், "அப்ப தட்டுல இருந்து ரெண்டு ரூபாயை நீ ஏன்ப்பா எடுத்த?" என்றும் கேட்டார். அதுக்கு நான் என்ன சொல்ல.

உங்களிடம் யாராவது "ஒரு முறை இருக்கிறது, அதைப் போட்டால் 100 வந்துவிடும்" என்று சொல்லலாம். இருக்கிறது. எல்லாவற்றையும் கீழே இறக்கினால் 37, 26, 16, 9, 5, 3, மொத்தம் 96. மிச்சம் நான்கை, புள்ளிக்குப் பின்னால் அதிகம் வைத்திருக்கிற நான்கு வரிக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். லாரி, தெருக்குழாய், கிணறு, அடிபம்பு. அப்போது 38, 26, 16, 10, 6, 4, மொத்தம் 100. இது பழைய முறை, 1792லேயே அமெரிக்காவில் மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்க அலெக்சாண்டர் ஹாமில்டன் சொன்னது. இடத்தை அரையாக வெட்ட முடியாது, மொத்தமும் மாறக்கூடாது, அங்கே அது வேண்டும். நம் அட்டவணையில் போட்டால் வீட்டுக்குழாய் 26.52 என்பது 26 என்று நிற்கும். வாத்தியார் மாதிரி ஆள் 61ஐ 230ஆல் வகுத்துப் பார்த்து 27 அல்லவா என்று கேட்பார், திரும்பவும் அதே பஞ்சாயத்து. வட்டப் படம் போடும்போது சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள், அது அவர்கள் இஷ்டம். எண்ணிக்கையும் பக்கத்திலேயே அச்சாகிற அட்டவணையில் நான் போட மாட்டேன்.

நான் இப்போது செய்வது இதுதான். எண்ணிக்கை B2 முதல் B7 வரை, மொத்தம் B8 என்று வைத்துக்கொண்டால்:

```
=ROUND(B2/B$8*100,1)
```

இப்படிப் போட்டால் திரையில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்று. மொத்த வரியில் எண்ணிக்கையை 230 என்றும் சதவீதத்தை 100 என்றும் போட்டு, அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் "முழுதாக்கியதால் சதவீதங்களின் கூட்டல் 100லிருந்து சற்று மாறலாம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் இன்னமும் ஒரு பழைய எழுத்துருவில்தான் அறிக்கை வேண்டும் என்பார்கள். யூனிகோடில் அடித்து ஒட்டினால் கட்டங்கட்டமாக வரும், மாற்றியில் போட்டு எடுத்தால் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். முதல் தடவை அந்தக் குறிப்பு அச்சகத்தில் "முழுதக்கியதல்" என்று வந்து, தூக்கி எறிய மனசில்லாமல் 200 பிரதியில் பேனாவால் கால் போட்டேன். யூனிகோட் வந்து எத்தனை வருடம் ஆகிறது, இன்னும் இந்த ஒப்பாரி. சரி, விடுங்கள்.

இன்னொரு இடத்திலும் இது வரும். குழாய்த் தண்ணீர் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் 38ஐயும் 27ஐயும் கூட்டி 65 என்று எழுதிவிடாதீர்கள். வீடுகளைக் கூட்டுங்கள், 87ம் 61ம் 148. 148ஐ 230ஆல் வகுத்தால் 64.35, ஆக 64. ஏற்கெனவே முழுதாக்கியதை எடுத்துத் திரும்பக் கூட்டினால் பிசகும் சேர்ந்து கூடிக்கொண்டே போகும்.

அதே சமயம் உங்கள் மேலதிகாரி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, எல்லாப் பிசகையும் ரவுண்டிங் தலையில் கட்ட முடியாது. ஒரு வரியில் அதிகபட்சம் அரைதான் பிசகும். ஆறு வரி என்றால் மொத்தம் மூன்றுக்கு மேல் போகவே முடியாது, ஒரு தசமம் போட்டிருந்தால் 0.3க்கு மேல் போக முடியாது. இந்த எல்லையைத் தாண்டினால் வேறு கோளாறு. எனக்கே ஒரு தடவை ஆறு வரி அட்டவணை ஒரு தசமத்தில் 97.4 வந்தது. ரவுண்டிங் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். தேடினால், பதில் சொல்லாத 6 வீட்டுக்கு வரியே போடவில்லை, ஆனால் வகுத்தது மட்டும் 230ஆல். 224 வீட்டை 230ஆல் வகுத்திருக்கிறேன். எனவே முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அது மொத்தத்தோடு ஒன்று கூடக் குறையாமல் பொருந்த வேண்டும். பொருந்திவிட்டது, பிசகும் எல்லைக்குள் இருக்கிறது என்றால் அந்தக் குறிப்பைத் தைரியமாகப் போடலாம். ஒரு வீடு இரண்டு பதில் சொல்லலாம் என்று விட்டிருந்தால் கூட்டல் 130, 140 என்று வரும், அது ரவுண்டிங்கே இல்லை, அதற்கு "ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் அனுமதிக்கப்பட்டன" என்று தனிக் குறிப்பு.

போன மாதக் கூட்டத்தில் வாத்தியார் வழக்கம்போல செல்போனை எடுத்தார், தட்டினார், 99.9 வந்தது, குறிப்பைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பக்கத்தைத் திருப்பி, பக்க எண் 7க்கு அடுத்து 9 வருகிறதே என்று கேட்டார்.