சாட்பாட்டும் வெண்பாவும்

அன்புள்ள ஐயா,
குறள் வெண்பா எழுதப் பழகுகிறேன். ஒரு சாட்பாட்டிடம் மழையைப் பற்றிக் கேட்டேன். இதைத் தந்தது:

மண்ணில் விழுந்த மழைத்துளி ஒவ்வொன்றும்
விண்ணில் மேகமாய் மாறும்

தளை சரிதான் என்று அசை பிரித்தும் காட்டியது. ஆனால் படிக்கும்போது இடறுகிறது. எங்கே பிழை?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காதை நம்புங்கள். முதல் அடி சுத்தமான வெண்பா அடி. எதுகையும் பொருந்துகிறது, ‘மண்’ணுக்கு ‘மழை’ மோனையும் இருக்கிறது. இடறுவது இரண்டாம் அடியில்.

‘விண்ணில்’ தேமா. மாச்சீருக்குப் பின் நிரையசை வர வேண்டும். ‘மேகமாய்’ என்பதை ‘மேக-மாய்’ என்று பிரித்து, ‘மேக’ நிரை என்று சாட்பாட் உங்களிடம் சொல்லியிருக்கும். எனக்கும் அப்படித்தான் சொன்னது. ஆனால் நெட்டெழுத்து முதலில் வந்தால் தனியாகவே நின்று நேரசை ஆகிவிடும். ஆகவே மே/கமாய், நேர் நிரை, கூவிளம். தளை தட்டுகிறது. அப்புறம் கடைசிச் சீர். அது நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மாறும்’ தேமா. காசு ஆக வேண்டுமானால் இரண்டாம் அசை உகரத்தில் முடிய வேண்டும்.

விதியைக் கேட்டால் தவறில்லாமல் ஒப்பிக்கும் கருவி, அதே விதியை ஒரு சொல்லில் பொருத்தும்போது ஏன் தடுமாறுகிறது? அது எழுத்தை ஒலியாகக் கேட்பதில்லை. சொல்லைத் துண்டுகளாக உடைத்து எண்களாக்கிப் படிக்கிறது. அந்தத் துண்டுகள் அசையின் எல்லையில்தான் முறிய வேண்டும் என்பதில்லை. குறில், நெடில், ஒற்று மூன்றும் அதன் கண்ணுக்கு நேராகத் தெரிவதில்லை. அதனால்தான் ‘தளை தட்டுகிறது, திருத்து’ என்று சொன்னால் வேறு சொல்லைப் போட்டு, அதற்கும் புதிதாக ஒரு அசைப்பிரிப்பை உறுதியோடு எழுதித் தருகிறது. அந்த விளக்கத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனிடம் வெண்பா கேட்காமல் சொற்களைக் கேளுங்கள். ‘வி’யில் தொடங்கி ‘ந்து’ என முடியும் வினையெச்சங்களைக் கேட்டேன். விரைந்து, விளைந்து, வியந்து எல்லாம் வந்தன. மூன்றும் பிறப்பு வாய்பாடு. மழைத்துளி ஆவியாகித் திரும்புவதற்கு ‘விரைந்து’ பொருந்தியது. அதற்கு முன் நிற்பது மாச்சீராக இருக்க வேண்டும்: ‘மீளும்’. அதற்கும் முன்னே ஒரு காய்ச்சீர், எதுகைக்கு ‘ண்’:

மண்ணில் விழுந்த மழைத்துளி ஒவ்வொன்றும்
விண்ணுக்கே மீளும் விரைந்து

விண்/ணுக்/கே தேமாங்காய், பின்னால் ‘மீ’ நேர். மீ/ளும் தேமா, பின்னால் ‘விரைந்’ நிரை. மோனையும் தானாக அமைந்தது.

எழுதி முடித்ததும் ‘அவலோகிதம்’ மென்பொருளில் இட்டுப் பாருங்கள். அது யாப்பு விதிகளைக் கொண்டே அசையையும் தளையையும் பிரித்துக் காட்டும். ஆனால் முதலில் நீங்களே கையால் பிரித்துவிட்டு, பிறகு அதில் இடுங்கள்.