மொத்தம் சரியாக வந்தால் இருப்புக் கணக்கு சரிதானா?

“எங்கள் மளிகைக் கடையின் மாத இருப்புத் தாளில் மொத்த வரி சரியாகப் பொருந்துகிறது. இதை அப்படியே நம்பலாமா?”

நம்ப வேண்டாம். முதலில் இறுதி இருப்புக் கட்டம் ஒன்றின் மீது சொடுக்கி, அதில் இருப்பது அலமாரியில் எண்ணி எழுதிய எண்ணா, சூத்திரமா என்று பாருங்கள். ஆரம்ப இருப்பையும் கொள்முதலையும் கூட்டி விற்பனையைக் கழிக்கும் சூத்திரமே அங்கு இருந்தால், கணக்கு தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. அது எந்நாளும் பொருந்தத்தான் செய்யும்.

எண்ணிய எண்தான் என்றால், ஒவ்வொரு பொருளுக்கும் வித்தியாசம் காட்டும் கட்டம் ஒன்றைச் சேருங்கள். பொருள்கள் 2 முதல் 201 வரையுள்ள வரிகளில் இருப்பதாகக் கொண்டால்:

```
F2:   =ROUND(B2+C2-D2-E2,3)
F203: =SUMPRODUCT(ABS(F2:F201))
```

F2-இன் சூத்திரத்தை F201 வரை நகலெடுங்கள். B முதல் E வரை முறையே ஆரம்ப இருப்பு, கொள்முதல், விற்பனை, எண்ணிய இருப்பு. கிலோவில் விற்கும் பொருள்களில் தசமப் பிழை தலைகாட்டாமல் இருக்கவே ROUND. F203-இல் சாதாரணக் கூட்டலைப் போட்டால் ஒரு வரியின் மிகுதி இன்னொரு வரியின் குறைவை விழுங்கிவிடும்.

நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில் அதுதான் நடந்தது. 100 கிராம் சாம்பார் பொடியில் ஆரம்பம் 38, கொள்முதல் 60, விற்பனை 71. 27 பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் 15 மட்டுமே இருந்தன. 50 கிராம் பொடியில் ஆரம்பம் 52, கொள்முதல் 80, விற்பனை 94. 38 இருக்க வேண்டும், 50 இருந்தன. ஒன்றில் 12 குறைவு, மற்றொன்றில் 12 மிகுதி; ஆகவே மொத்த வரியில் வித்தியாசம் பூச்சியம். பெரிய பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுச் சிறியதற்குப் பில் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு முறை விலையிலும் நஷ்டம்.

கணக்குப்படி இருப்பு கழித்தல் குறியோடு வந்தால், கொள்முதலைப் பெட்டியிலும் விற்பனையைச் சில்லறையிலும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 48 சோப்பு கொண்ட 3 பெட்டிகளை 144 என்று எழுதாமல் 3 என்றே எழுதியிருந்தால், வித்தியாசம் 141 வரும். அது 47-இன் மூன்று மடங்கு. பெட்டி அளவில் ஒன்று குறைந்த எண்ணால் வித்தியாசம் மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் காரணம் இதுவே.

இவற்றிலும் அகப்படாத வித்தியாசங்களுக்குக் கொள்முதல் பில்லில் வரும் இலவசச் சரக்கு, திருப்பி அனுப்பியவை, உடைந்தவை, வீட்டுக்கு எடுத்தவை ஆகியவற்றைத் தேடுங்கள். இந்த மாத ஆரம்ப இருப்பு, போன மாதம் எண்ணிய இருப்போடு ஒத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒத்திராவிட்டால், எங்கோ யாரோ கையால் திருத்தியிருப்பார்கள்.

பில் இல்லாமல் வாங்கிப் பில் இல்லாமலே விற்ற சரக்கை மட்டும் இந்தச் சூத்திரம் காட்டாது. அதற்குக் கல்லாப் பணத்தையும் சப்ளையர் கணக்கையும் தனியாகத்தான் ஒப்பிட வேண்டும்.