குட்டை நெல்லும் யூரியா மூட்டையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பசுமைப் புரட்சியில் விளைச்சல் கூடியதற்கு உரம்தானே காரணம்? புதிய ரகங்களை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறார்கள்?

உரம் மட்டும் போதுமென்றால் பழைய நெட்டை ரகங்களே அதைச் சாதித்திருக்கும். தழைச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் அவை மளமளவென்று வளரும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மழை, ஒரு காற்று. வயல் முழுக்கப் பாய் விரித்ததுபோல் சாய்ந்துவிடும். போட்ட உரமே பயிரைக் கவிழ்த்தது.

இதை உடைத்தது குட்டைத்தன்மைதான். 1966இல் வெளிவந்த ஐஆர்-8, இந்தோனேசியாவின் பேட்டா ரகத்தையும் தைவானின் ஒரு குட்டை நெல்லையும் சேர்த்துப் பிலிப்பைன்ஸில் உருவானது. இடுப்பளவு உயரம், தடித்த தாள். எடுத்த சத்தில் பெரும்பங்கை வைக்கோலுக்குச் செலவிடாமல் மணிக்குக் கொடுத்தது. கோதுமையிலும் இதே கதைதான். ஜப்பானிய நோரின்-10 ரகத்தின் குட்டைத்தன்மை மெக்சிகோ வழியாக நமக்கு வந்தது. 1966இல் அங்கிருந்து 18,000 டன் விதை இறக்குமதியானது. 1964-65இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த நம் கோதுமை உற்பத்தி, 1970-71இல் ஏறத்தாழ இரு மடங்கானது.

யூரியாவைத் தாராளமாகத்தான் போடுகிறேன். ஆனாலும் நட்ட மூன்றாம் வாரத்தில் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது. மண் செத்துவிட்டதா?

மண் சாகவில்லை, கணக்கு உதைக்கிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளையும் சேர்த்தால் அந்த விளைச்சல் சுமார் 40 முதல் 50 கிலோ தழைச்சத்தையும், கிட்டத்தட்ட அதே அளவு சாம்பல் சத்தையும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். கூடவே நூறு கிராமுக்குச் சற்று மேல் துத்தநாகமும் போகும். 45 கிலோ யூரியா மூட்டை இரண்டு போட்டால் தழைச்சத்து 41 கிலோ. அந்த ஒரு கலம் நிரம்பிவிட்டது. மற்றவை போகத்துக்குப் போகம் வற்றுகின்றன. பழைய ரகங்கள் குறைவாக விளைந்தன, குறைவாகவே எடுத்தன. போதாததற்குத் தொழுவுரம் இந்தச் சில்லறைச் சத்துகளையும் திருப்பித் தந்தது. அதனால் குறை வெளியே தெரியவில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளம் பெரும்பாலும் துத்தநாகக் குறைதான். வயலில் இறங்கிப் பாருங்கள். இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்திருக்கும். கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் பரவியிருக்கும். தழைச்சத்துக் குறை என்றால் முதிர்ந்த இலை முழுதாகவே மஞ்சளாகும், புள்ளி இருக்காது. தொடர்ந்து தண்ணீர் நிற்கும் வயல்களிலும் களர் நிலங்களிலும் துத்தநாகக் குறை கூடுதலாக வரும். 1966இல் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானிதான், வட இந்தியாவில் ‘கைரா’ என்று அழைத்த இந்த நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று கண்டறிந்தார். புரட்சி தொடங்கிய அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள்.

ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் சீராகத் தூவ வேண்டும். சூப்பர் பாஸ்பேட், டிஏபி எதனோடும் சேர்த்துக் கலக்காதீர்கள். மணிச்சத்து துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுவிடும். கடையில் இன்னொரு யூரியா மூட்டையைக் கையில் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அந்தக் காலத்தில் புகையான் இவ்வளவு இல்லை என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். பூச்சி புதிதல்ல, அதற்குக் கிடைத்த வீடு புதிது. யூரியாவில் செழித்து நெருங்கிய தூர்கள், வற்றாத தண்ணீர், இடைவெளியில்லாமல் அடுத்தடுத்த போகம். அதோடு மருந்தைத் தெளித்துத் தெளித்துச் சிலந்திகளையும் கொன்றோம். புகையானைத் தின்பவை அவைதாம். கேரளத்தில் 1973-74இல் பெரும் அழிவே நேர்ந்தது.

இலையைப் பார்த்தால் தெரியாது. தூரை விலக்கி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்புப் பூச்சிகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வட்ட வட்டமாகத் தீய்ந்தபின் பார்ப்பது தாமதம். நடும்போதே எட்டடிக்கு ஓரடி நடாமல் பட்டமாக இடைவெளி விடுவதும், யூரியாவைப் பிரித்துப் போடுவதும், அவ்வப்போது தண்ணீரை வடிப்பதும் எந்த மருந்தையும்விட மேல்.

பசுமைப் புரட்சியில் உண்மையில் லாபம் பார்த்தது யார்?

தண்ணீரும் முன்பணமும் கையில் இருந்தவர்கள். விதை, உரம், மருந்து மூன்றையும் வெளியிலிருந்து வாங்கவேண்டி வந்ததும், மழை பொய்த்த வருடம் விளைச்சல் இழப்பாக மட்டும் நிற்காமல் கடனாகவும் ஆனது. பஞ்சாபில் அந்தக் கடன் ஆழ்துளைக் கிணறாகவும் ஆனது. ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009இல் சட்டமே போடும் அளவுக்கு நிலத்தடி நீர் இறங்கியது.

வைக்கோலை விற்பது தவறா?

தவறில்லை, விலையில் சேர்க்காமல் விடுவதுதான் தவறு. பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. முன்பு அது மாட்டின் வழியாகத் தொழுவுரமாய் வயலுக்குத் திரும்பியது. இப்போது லாரியில் போகிறது. விற்ற பணத்தில் பொட்டாஷ் வாங்க ஒதுக்கியது போக மீதி எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்.