கிரான்பெர்ரி பாட்டிலும் வால்வு மாத்திரையும்

நேற்றிலிருந்து சிறுநீர் போகும்போது எரிச்சல். லேசாகக் காய்ச்சலும் அடிக்கிறது. கிரான்பெர்ரி ஜூஸ் எவ்வளவு குடித்தால் சரியாகும்?
– வாசகி, சேலம்

சரியாகாது. வந்துவிட்ட தொற்றுக்கு அது மருந்தில்லை. காய்ச்சலும் சேர்ந்திருப்பதால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். இன்றே டாக்டரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு 34 வயது. ஒரே வருடத்தில் நான்கு முறை யூரின் இன்பெக்‌ஷன். கிரான்பெர்ரி தினமும் எடுத்தால் திரும்ப வராது என்கிறார்கள். இது உண்மையா, வியாபாரமா?
– வாசகி, கோயம்புத்தூர்

இரண்டும் இருக்கிறது. உண்மை எவ்வளவு என்று முதலில் பார்ப்போம்.

இந்தத் தொற்று பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் வருகிறது. அது சிறுநீர்ப்பையின் உள்சுவரில் கொக்கி போட்டு ஒட்டிக்கொண்டுதான் பெருகும். கிரான்பெர்ரியில் உள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருள் அந்தக் கொக்கி பிடிக்காமல் செய்கிறது என்பதுதான் விளக்கம். சிறுநீரைப் புளிப்பாக்கிக் கிருமியைக் கொல்கிறது என்று முன்பு சொல்லிவந்தது இப்போது செல்லாது. ஒட்டவிடாமல் தடுக்கும் பொருள், ஏற்கெனவே ஒட்டிப் பெருகிவிட்ட கிருமியை ஒன்றும் செய்வதில்லை. சேலம் வாசகிக்கு அப்படிப் பதில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2012-இல் 24 ஆய்வுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லும்படியான பலன் இல்லை என்றது. 2023-இல் 50 ஆய்வுகளாகச் சேர்ந்தபோது முடிவு மாறியது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்று கண்டார்கள். உங்களைப் போன்ற 100 பெண்களில், ஒன்றும் எடுக்காவிட்டால் 40 பேருக்குத் திரும்ப வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரான்பெர்ரி எடுத்தால் அது 30 பேர் ஆகலாம். பத்துப் பேர் தப்புகிறார்கள், முப்பது பேருக்கு வரத்தான் செய்கிறது. "திரும்ப வராது" என்று உங்களிடம் சொன்னவர்கள் அந்த முப்பது பேரை மறைக்கிறார்கள்.

பலன் எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதியோர் இல்லங்களில் இருக்கும் வயதான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத கோளாறு உள்ளவர்களுக்கும் உதவியதாக அதே தொகுப்பில் தெரியவில்லை.

வருடத்தில் மூன்று முறையோ ஆறு மாதத்தில் இரண்டு முறையோ வந்தால் அதை அடிக்கடி வரும் தொற்று என்பார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள், அதனால் டாக்டரிடம் பேசிவிட்டு ஆறு மாதம் முயன்று பார்க்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் அடிக்கடி தொற்றும் உள்ள 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போல இருந்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. வேலை பார்க்கும் இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் எத்தனை பேர்! நீங்களும் அப்படி என்றால் முதல் மாற்றம் அங்கேதான்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு லிட்டர் கிரான்பெர்ரி ஜூஸ் இருக்கிறது, மருந்துக் கடையில் கேப்ஸ்யூல் இருக்கிறது. எதை வாங்குவது? அட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தை நம்பிப் பணத்தை விட்டவள் நான், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இரண்டு முறை தொற்று வந்து நொந்துபோயிருந்த சமயம், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு கேப்ஸ்யூல் டப்பா வாங்கினேன். முன்னால் கொட்டை எழுத்தில் 10,000 மில்லிகிராம். வீட்டுக்கு வந்து பின்னால் இருந்த சின்ன எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். உள்ளே இருந்தது 400 மில்லிகிராம் சாறுப்பொடி. இருபத்தைந்து பங்கு பழத்தை ஒரு பங்காகச் சுண்ட வைத்ததாம். 400-ஐ 25-ஆல் பெருக்கி வந்த பழக் கணக்குதான் அந்தப் பத்தாயிரம். வேலை செய்யும் பொருளான புரோஆந்தோசயனிடின் எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் போடவில்லை. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன், "டாக்டரிடம் கேளுங்கள் மேடம்" என்றார்கள். பிரித்த டப்பாவைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள். இன்று வரை எனக்கு அதில் கோபம்தான். வலியோடு வரும் பெண்ணிடம் பெருக்கல் கணக்கை விற்பது அநியாயம்.

அதனால் கேப்ஸ்யூல் என்றால், புரோஆந்தோசயனிடின் அல்லது அதன் சுருக்கமான பி.ஏ.சி. இவ்வளவு என்று எழுதியதை மட்டும் எடுங்கள். பல ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 36 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை கொடுத்தால் போதும் என்று யாரும் உறுதி செய்துவிடவில்லை என்றாலும், எண்ணே போடாத டப்பாவைவிட எண் போட்டது மேல்.

ஜூஸ் என்றால், சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வரும் என்பது விதி. தண்ணீர், சர்க்கரை, ஆப்பிள் சாறு என்று தொடங்கி நாலாவதாகக் கிரான்பெர்ரி வந்தால், நீங்கள் வாங்குவது ஆப்பிள் கலந்த சர்க்கரைத் தண்ணீர். கிரான்பெர்ரி தனியாகக் குடிக்க முடியாத அளவுக்குப் புளிப்பும் துவர்ப்பும் உள்ள பழம், அதனால்தான் இத்தனை சர்க்கரை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல், குறைந்தது 27 சதவீதம் கிரான்பெர்ரிச் சாறு உள்ள பானத்தைத் தினம் 240 மில்லி குடித்தால் பயன் இருக்கலாம் என்று அட்டையில் போட அனுமதித்தது. அதிலும், ஆதாரம் குறைவானது, முன்னுக்குப்பின் முரணானது என்று சேர்த்தே எழுத வேண்டும் என்றது. அப்படி ஒரு இனிப்பூட்டிய டம்ளரில் சர்க்கரை 25 கிராம் அளவுக்கு வரும், அதாவது ஐந்தாறு ஸ்பூன். சர்க்கரை நோய் இருந்தால் ஜூஸை விட்டுவிடுங்கள்.

நம் நாட்டில் உணவுப் பொருளுக்கு "நோயைத் தடுக்கும், குணமாக்கும்" என்று இஷ்டத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. 2018-ஆம் ஆண்டின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி அதைத் தடுக்கிறது. அப்படிப் போட்டிருந்தால் அட்டையைப் படம் எடுத்து, பில்லோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் கொடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆஃபரில் ஆறு மாதத்துக்கான கேப்ஸ்யூல் வாங்கிவிட்டேன். இப்போது கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. தொற்று வந்ததில்லை, முன்னெச்சரிக்கைக்குத்தான் வாங்கினேன். வீணாகாமல் சாப்பிடலாமா?
– வாசகி, தாம்பரம்

வராத நோய்க்கு ஆறு மாத மருந்தை ஆஃபரில் வாங்கலாமா அம்மா? கர்ப்ப காலத்தில் பலன் தெரியவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். பணம் போனால் போகட்டும், அந்த டப்பாவை எடுத்து வையுங்கள். மகப்பேறு டாக்டர் எழுதித்தரும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அம்மாவுக்கு 61 வயது. இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் எப்போதும் 2.8, 3 என்றுதான் இருக்கும். யூரின் இன்பெக்‌ஷன் வந்தது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் "இயற்கைதான், பக்க விளைவே கிடையாது" என்று கிரான்பெர்ரி கேப்ஸ்யூலும் கொடுத்தார். ஆறாம் நாள் ஐ.என்.ஆர். 4.9. நான்தான் கெடுத்துவிட்டேனா?
– வாசகி, திருநெல்வேலி

இல்லை. உங்களை நம்ப வைத்தவர்தான் தவறு செய்தார். "இயற்கை" என்று சொல்வதற்கு முன், அம்மா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். அதுதான் அவர் தொழில்.

முதல் காரியம், அந்த எண்ணை டாக்டருக்கு இன்றே சொல்லிவிடுங்கள். ஈறில் ரத்தம், கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், காரணமில்லாத நீலத் திட்டு, கடுமையான தலைவலி இதில் எது தெரிந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வால்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

இனி, யார் மேல் சந்தேகம்? 2003-இல் பிரிட்டனில் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். எழுபது வயதைத் தாண்டியவர், உங்கள் அம்மாவைப் போல ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிட்டவர். நெஞ்சுச் சளித் தொற்றுக்குப் பிறகு பசி போய், இரண்டு வாரம் கிரான்பெர்ரி ஜூஸைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடவில்லை. ஐ.என்.ஆர். 50-ஐத் தாண்டி, உள்ளே ரத்தம் கசிந்து இறந்தார். அதோடு இன்னும் சில புகார்களும் சேர்ந்து, வார்ஃபரின் எடுப்பவர்கள் கிரான்பெர்ரியைத் தவிர்க்க வேண்டும் என்று அங்கே அரசு எச்சரித்தது. ஆனால் கவனியுங்கள். அவர் சாப்பாடே இல்லாமல் இருந்தவர். கீரை, காய்கறியில் வரும் வைட்டமின் கே குறைந்தாலே ஐ.என்.ஆர். ஏறும். ஆன்டிபயாடிக்கும் எடுத்திருந்தார். பின்னால் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கே தினம் 240 மில்லி ஜூஸ் இரண்டு வாரம் கொடுத்துச் சோதித்தபோது ஐ.என்.ஆர். சொல்லும்படி மாறவில்லை. அதேசமயம் ஆரோக்கியமான ஆண்களுக்கு அடர்ந்த கேப்ஸ்யூல் கொடுத்த ஒரு ஆய்வில் வார்ஃபரினின் வேகம் கூடியது. ஆக, ஜூஸைவிடக் கேப்ஸ்யூலைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

உங்கள் அம்மா விஷயத்தில் அதைவிடப் பெரிய சந்தேகம் அந்த ஆன்டிபயாடிக் மேல்தான். அட்டையில் கோட்ரைமாக்சசோல் என்று இருந்தால் ஐ.என்.ஆர். ஏறும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். சிப்ரோஃப்ளாக்சசினும் ஏற்றும். ஒரு தாளில் தேதி போட்டு, ஆன்டிபயாடிக் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், கேப்ஸ்யூல் எப்போது, சாப்பாடு குறைந்ததா என்று எழுதி டாக்டரிடம் கொடுங்கள். கேப்ஸ்யூலை நிறுத்திவிடுங்கள், நிறுத்தியதையும் எழுதுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ஆன்டிபயாடிக் முடிந்ததும் ஐ.என்.ஆர். தானாக இறங்கும். இப்போது 4.9-ஐப் பார்த்து வால்வு மாத்திரையைக் குறைத்து, பிறகு பரிசோதிக்காமல் அப்படியே விட்டால், எண் மிகவும் இறங்கி வால்வில் ரத்தம் உறையக்கூடும். அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் என்று கேட்காமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள்.

வார்ஃபரின் எடுக்கிறேன். கல்யாண வீட்டில் தெரியாமல் ஒரு டம்ளர் கிரான்பெர்ரி ஜூஸ் குடித்துவிட்டேன். ராத்திரி தூக்கமே இல்லை.
– வாசகி, லண்டன்

ஒரு டம்ளரால் ஒன்றும் ஆகாது, தூங்குங்கள். அடுத்த முறை ஐ.என்.ஆர். பார்க்கப் போகும்போது நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். தினமும் குடிப்பதாக மட்டும் நீங்களே முடிவெடுக்காதீர்கள்.