தக்காளிக் கணக்கும் ஒரு நேர்காணலும்

அன்புள்ள ஐயா,
தர்மபுரி பக்கம் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் ஓசூரில் இன்டர்ன்ஷிப் நேர்காணல். ரெஸ்யூமில் ஒரே ஒரு சின்ன ப்ராஜெக்ட்தான் இருக்கிறது. சீனியர் செய்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா? சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்று எப்படி நம்பவைப்பது? ஆங்கிலமும் சுமார்தான்.

அன்புள்ள தம்பி,

சீனியரின் ப்ராஜெக்ட்டைத் தொடாதே. "இந்த வரி எதற்கு?" என்று கேட்டால் என்ன சொல்வாய்? அங்கே முழித்தால், நீயே எழுதிய ஒன்றையும் நம்ப மாட்டார்கள். இதைக் கேட்கவே உனக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

நான் நேர்காணல் எடுத்த நாட்களில் பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளும் இரண்டாம் ஆண்டுதான். அப்பாவின் தக்காளி மண்டிக்காகப் பைத்தானில் எழுதிய கணக்கு ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. கழிவு நூறு கிராம், இருநூறு கிராம் என்பதைக் கிலோவில் 0.1, 0.2 என்று போட்டுக் கூட்டினால், துண்டுச்சீட்டில் இருக்கும் 0.3 கிலோவோடு ஒத்துவரவில்லை என்றது அவள் நிரல். ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்தில் ஒன்றைக் கணினியின் இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது, ஒரு துளி மிஞ்சும்.

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
```

எப்படிச் சரிசெய்வாய் என்றேன். "round போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன் சார், வேறு வழி தெரியாது" என்றாள். பத்தடிமான எண்ணை அப்படியே வைத்துக் கணக்கிடும் பைத்தானின் Decimal பற்றிய ஆவணப் பக்கத்தைத் திறந்து கொடுத்து, பத்து நிமிடம் தந்தேன். படித்துவிட்டு, from decimal import Decimal என்று முதலில் போட்டு, Decimal(0.1) என்று எழுதினாள். திரையில் 0.1000000000000000055 என்று தொடங்கி நீளமாக ஓடியது. முகம் சுருங்கியது. அப்புறம் வாய்விட்டே யோசித்தாள்: "உள்ளே போகும்போதே float ஆகத்தானே போகிறது? அப்போ கெட்டுப்போனதுதான் போகுது. எழுத்தாகக் கொடுத்துப் பார்க்கிறேன்."

```
>>> Decimal("0.1") + Decimal("0.2")
Decimal('0.3')
```

நான் பார்க்க உட்கார்ந்திருந்தது இதைத்தான். முதல் முயற்சி தப்பானது அவளுக்குப் பாதகமே இல்லை. வந்த விடையைப் படித்தாள், ஒரு காரணத்தை ஊகித்தாள், அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தாள். ஊகிக்காமல் நாலு இடத்தில் மாற்றி, தற்செயலாகச் சரிவந்த பையன்களை அனுப்பியிருக்கிறேன். ஏன் சரியானது என்று அவர்களுக்கே தெரியாது. வாயே திறக்காமல் சரியாக முடித்தவனையும் கணிக்க முடியாமல் தவித்திருக்கிறேன். மனதுக்குள் ஓடியது எனக்கு எப்படித் தெரியும்?

உன் ஒற்றை ப்ராஜெக்ட்டில் உன்னைப் படுத்திய பிழை ஒன்று இருக்கும். என்ன செய்தி வந்தது, முதலில் எதைச் சந்தேகப்பட்டாய், எது உண்மையில் காரணம், இதை நோட்டில் எழுதி வை. அப்புறம் இன்று மாலையே நீ தொடாத ஒரு நூலகத்தின் ஆவணத்தைத் திற. விடுதி நண்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பத்து நிமிடம் படித்து, சத்தமாகப் பேசிக்கொண்டே ஒன்றை ஓடவை. நேர்காணல் வரை தினமும் ஒன்று.

ஆங்கிலத்தை விடு. அந்தப் பெண் float, string தவிர எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னாள். மறுநாளே சேரச் சொன்னோம். செமஸ்டர் தேர்வு முடிந்துதான் வருவேன் என்றாள்.