போர் தண்ணி, ஷவர் ஃபில்டர், சாஃப்ட்னர்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சாஃப்ட்னர் மாட்டுறது, ரெசின் மாத்துறது, உப்பு அடைச்ச பைப்ப கழட்டுறது, 14 வருஷமா இதான் பொழப்பு. டாக்டர் இல்ல. தோல் வியாதின்னா ஒரு வரியில முடிச்சிடுவேன், கோச்சுக்காதீங்க. இன்னொன்னு, தயவுசெஞ்சு டிடிஎஸ் மீட்டர் போட்டோ அனுப்பாதீங்க.

புதுவீடு: அண்ணா, போர் தண்ணி மாறுனதுலருந்து குளிச்சு முடிச்சா தோல் இழுத்துப் பிடிக்குது, முடி கயிறு மாதிரி ஆகிடுது. ஹார்ட்னஸ் டெஸ்ட்ல 500 வந்துச்சு. ஷவர் ஃபில்டர் வாங்கினா சரியாகுமா?

ஆகாது. ஏன்னு சொல்றேன், ஒரு தடவ சொல்லிட்டா மத்தவங்களுக்கும் ஆச்சு.

அந்த ஃபில்டர் உள்ள பெரும்பாலும் இருக்கிறது கார்பனும் செம்பு துத்தநாகத் துகளும்தான். அது குளோரினுக்கு. முனிசிபல் தண்ணின்னா அந்த வாசன கொஞ்சம் குறையும், ஆனா போர் தண்ணியில நீங்களா கலந்தாத்தான் குளோரின், இல்லாதத அது எங்கருந்து எடுக்கும்? உங்க பிரச்சன கால்சியமும் மக்னீசியமும். அத எடுக்க ரெசின் வேணும், கால்சியத்த பிடிச்சு வைக்கிற சின்ன சின்ன மணிங்க. சரி, ரெசின் போட்ட ஃபில்டர்னே வச்சுக்குவோம், அரை லிட்டர் ரெசின் பிடிக்கிறதே பெரிய விஷயம். 1 லிட்டர் ரெசின் சுமாரா 50 கிராம் ஹார்ட்னஸ் பிடிக்கும், அப்ப அரை லிட்டர் 25 கிராம். 500ன்னா ஒவ்வொரு லிட்டர் தண்ணியிலயும் அரை கிராம் இருக்கு. ஆக 50 லிட்டர்ல ஃபில்டர் காலி. ரெண்டரை பக்கெட். ஒரு ஆள் தலைக்கு குளிச்சா முடிஞ்சிடும், அதுக்கப்புறம் அது வெறும் குழாய்தான்.

முதல்ல சோப்ப மாத்துங்க. சாதாரண சோப்பு கால்சியத்தோட சேந்து கரையாத வெள்ளை அழுக்கா மாறும், பக்கெட் விளிம்புல பிசுபிசுன்னு ஒட்டுமே அது. அதேதான் உங்க தோல் மேலயும் ஒட்டியிருக்கு. சோப்பு கவர்ல முதல் பேரா சோடியம் பாமேட், சோடியம் டாலோவேட் மாதிரி இருந்தா அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட்னு இருந்தா, பாக்க கட்டியா இருந்தாலும் சோப்பு கிடையாது, கால்சியத்தோட அந்த அழுக்கு கட்டாது. முடிக்கு, கால்சியத்த பிடிச்சு இழுக்குற ஈடிடிஏ நல்லா போட்ட கிளாரிஃபையிங் ஷாம்பு வாரம் ஒருதடவ போதும், தினம் போட்டா அதுவே காயவைக்கும். கடைசியா ஒரே ஒரு சொம்பு மழத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ தலையில ஊத்திப் பாருங்க, சீப்பு போறதுலயே வித்தியாசம் தெரியும்.

ரேகா: எனக்கு கொத்து கொத்தா முடி கொட்டுது, தண்ணிதான் காரணமா சார்?

கொட்டுன முடிய எடுத்து பாருங்கம்மா. ஒரு நுனியில சின்னதா வெள்ளை குமிழ் இருந்தா வேரோட வருது, அதுக்கு தண்ணிய மட்டும் பழி சொல்ல முடியாது, டாக்டர பாருங்க. குமிழே இல்லாம துண்டு துண்டா இருந்தா நடுவுல உடையுது, அங்க தண்ணிக்கும் பங்கு இருக்கலாம், கலரிங் பண்ண முடியா இருந்தா இன்னும் அதிகமா.

மூணாவதுமாடி: வீட்டுக்கே சாஃப்ட்னர் போட்டோம். முன்ன டிடிஎஸ் 900, இப்ப 910. ஏமாத்திட்டாங்களா? முதல்ல நல்லா நுரை வந்துச்சு, இப்ப பழையபடி ஆகிடுச்சு.

மீட்டர் வேணாம்னு சொன்னேனே! சாஃப்ட்னர் கால்சியத்த பிடிச்சுட்டு அதுக்கு பதிலா சோடியத்த விடும், கரைஞ்சிருக்கிறது மொத்தத்துல குறையாது. அந்த மீட்டருக்கு எது கால்சியம் எது சோடியம்னு தெரியாது. 910 காட்டுறதுல தப்பே இல்ல.

நுரை போனதுதான் விஷயம். ரெசின் எத்தன லிட்டர், ஹார்ட்னஸ் எவ்வளவு, எப்பெப்ப உப்பு போடுறீங்க?

மூணாவதுமாடி: 25 லிட்டர், 600. ஒரு நாளைக்கு 500 லிட்டர் ஓடும். மாசம் ஒருதடவ உப்பு.

அதான். 25 லிட்டர் ரெசின் 1250 கிராம் பிடிக்கும், உங்க தண்ணியில லிட்டருக்கு 0.6 கிராம், ஏறக்குறைய 2000 லிட்டர். நாலு நாள். மீதி 26 நாளும் போர் தண்ணியிலதான் குளிச்சிருக்கீங்க. நாலு நாளைக்கு ஒருதடவ உப்புத்தண்ணி விட்டு ரெசின புதுப்பிக்கணும், அதான் ரீஜெனரேஷன், ஒவ்வொரு தடவையும் 3 கிலோ உப்பு. அப்படியும் நுரை வரலன்னா மூடிய தொறந்து ரெசின் துரு நிறத்துல செம்பழுப்பா இருக்கான்னு பாருங்க. துரு நிறம்னா இரும்பு ஏறியிருக்கு, சாஃப்ட்னருக்கு முன்னாடி இரும்பு ஃபில்டர் வேணும்.

குமரன்77: எல்லாரையும் பயமுறுத்துறீங்க. நான் ஷவர் ஃபில்டர் போட்டு 3 மாசம் ஆச்சு, முடி நெஜமாவே சாஃப்ட். அனுபவத்த விட கணக்கு பெருசா?

தம்பி, உங்க வீட்டுல போரா, முனிசிபலா?

குமரன்77: முனிசிபல். ஆனா அதுவும் ஹார்டுதான், குழாய் பூரா வெள்ள படியுது.

அப்ப குளோரின் குறைஞ்சிருக்கும், அத ஒத்துக்கிறேன், அதனால முடி கொஞ்சம் நல்லா தோணலாம். ஹார்ட்னஸ் அப்படியேதான் இருக்கும். ஃபில்டருக்கு அப்புறமும் ஷவர் ஓட்டையில வெள்ள படியுதா, இல்லையா?

குமரன்77: படியுது. அதுக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்?

வாஷிங்மெஷின்: நடுவுல வரேன், நான் மேக்னட் மாட்டியிருக்கேன், பைப்ல படிவு குறைஞ்சிருக்கு. அப்ப அது வேல செய்யுதுல்ல?

ரெண்டு பேருக்கும் ஒரே பதில். ரெண்டு பாட்டில் எடுங்க, ஒண்ணுல ஃபில்டர் தண்ணி, இன்னொன்னுல ஃபில்டருக்கு முந்துன தண்ணி, அரை அரை டம்ளர். துணி துவைக்கிற சாதாரண கட்டி சோப்ப சீவி ரெண்டுலயும் ஒரே அளவு போட்டு பத்து எண்ற வரைக்கும் குலுக்குங்க. பவுடர் வேணாம், டிடர்ஜென்ட் கட்டி வேணாம், ஷாம்பு வேணாம், அதெல்லாம் எந்த தண்ணியிலயும் நுரைக்கும். சாஃப்ட் தண்ணின்னா நுரை மேல நிக்கும், அடியில தண்ணி தெளிவா இருக்கும். ஹார்டுன்னா நுரை படக்குன்னு உக்காந்து, தண்ணி கலங்கி, திப்பி திப்பியா வெள்ளையா மிதக்கும். ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தா கால்சியம் போகல. மேக்னட்டும் கால்சியத்த எடுக்காது. படிவு குறையுதான்னு எங்க தொழில்லயே சண்ட இருக்கு, நான் மாட்டுன ரெண்டு இடத்துல ஒண்ணுல குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஒண்ணுல ஒண்ணுமே இல்ல.

குமரன்77: டெஸ்ட் பண்ணேன். ரெண்டும் திப்பிதான். ஆனாலும் என் முடி சாஃப்ட்.

சந்தோஷம் தம்பி. ஷாம்பு மாத்துனீங்களா?

குமரன்77: ...அதே வாரம்தான். ஆனா அதனால இல்லன்னு நெனக்கிறேன்.

அம்மு: பொண்ணுக்கு எக்ஸிமா. சாஃப்ட்னர் போட்டா குறையுமா?

டாக்டர்ட்ட கேளுங்கம்மா. தெரிஞ்சது ஒண்ணு மட்டும் சொல்றேன், இங்கிலாந்துல 336 குழந்தைங்கள வச்சு 12 வாரம் சோதன பண்ணாங்க, 2011ல வெளியாச்சு, சாஃப்ட்னர் போட்டதால எக்ஸிமா கூடுதலா குறையல. அத நம்பி மருந்த நிறுத்திடாதீங்க.

ஜீவா: ஷவர் ஃபில்டர் நல்லதா?

மேல படிங்க.

பாலா: 15 ஸ்டேஜ் ஃபில்டராம், அதாவது எடுக்குமா?

15 ஸ்டேஜும் அந்த கைப்பிடி அளவு டப்பாக்குள்ளதான இருக்கு? ரெண்டரை பக்கெட் கணக்கு மேல இருக்கு.

சுதா: ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணி வீணாகுதேன்னு ஒரு மாசமா அதுல தலைக்கு குளிக்கிறேன், ஃபில்டர் வழியா வந்ததுதான?

ஐயோ, நிறுத்துங்கக்கா. ஆர்ஓ வடிகட்டி ஒதுக்குன கால்சியம் மொத்தமும் அதுலதான் இருக்கு, உங்க குழாய் தண்ணிய விட ஹார்டு. தரை துடைங்க. தலைக்கு ஊத்துறதுன்னா குடிக்கிற பக்கத்துல வருதே அந்த தண்ணி, ஒரு சொம்பு.